பெரியம்மா கனடா போகிறார்: வழியனுப்பு மடலில் கண்ணீர் அஞ்சலி எப்படி நுழைகிறது?

கோத்தகிரியில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா பேனர், பணி நிறைவு வாழ்த்து மடல், கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி, எல்லாம் ஒரே கணினியில்தான் நடக்கிறது. சில வருடங்களாகப் புதிதாக ஒரு வேலையும் வருகிறது. கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கும் பிள்ளைகளோடு இருக்கப் போகும் பெரியவர்களுக்குச் சொந்தக்காரர்கள் சேர்ந்து கொடுக்கும் வழியனுப்பு மடல். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் என் கடைக்கு வரும் வேலைகளில் அதிகமாகத் தப்பிப் போவது இதுதான். அதற்குக் காரணம் எழுதுபவர்களின் பாசக் குறைவு இல்லை. இந்தச் சந்தர்ப்பத்துக்கென்று ஒரு எழுத்து வழக்கம் நம்மிடம் இன்னும் உருவாகவில்லை.

போன மாதம் ஒரு தம்பி வந்தார். அவருடைய பெரியம்மா டொராண்டோ பக்கம் மகள் வீட்டுக்குப் போகிறார். வயது எழுபத்து மூன்று. தம்பி ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தது இது:

"எங்கள் குலவிளக்கே! பாசத்தின் பிறப்பிடமே! எங்களை விட்டு நெடுந்தூரம் சென்றாலும் உங்கள் நினைவுகள் என்றும் எங்கள் நெஞ்சை விட்டு நீங்காது. தாங்கள் செல்லும் இடத்தில் எல்லா நலமும் பெற வாழ்த்துகிறோம். உங்கள் பிரிவால் வாடும் மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள் மற்றும் உற்றார் உறவினர்."

நடுவில் முட்டை வடிவச் சட்டத்துக்குள் பெரியம்மா படம் வைக்கச் சொன்னார். நான் எதுவும் பேசாமல் இரண்டு நாள் முன்பு அடித்த ஒரு சுவரொட்டியைத் திரையில் திறந்து காட்டினேன். அதே சட்டம், அதே "குலவிளக்கே", அதே "வாடும்". தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி மட்டும்தான் கூடுதல். தம்பி முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அய்யோ அண்ணா, இத அவங்ககிட்ட கொடுத்தா?" என்றார்.

இது அவர் தப்பு மட்டும் இல்லை. பெரியவர்களைப் பற்றிப் பலர் சேர்ந்து ஒரு தாளில் எழுத வேண்டும் என்றால் தமிழில் உடனே கைக்கு வரும் மாதிரிகள் இரண்டுதான். ஒன்று, பணி ஓய்வு பெறுபவருக்குக் கொடுக்கும் பிரிவு உபசார மடல். அதில் "அன்னார் ஆற்றிய அரும்பணி" என்று வேலையைத்தான் புகழ முடியும். பெரியம்மா அப்படி ஒரு பதவியிலிருந்து இறங்கவில்லை. இன்னொன்று இரங்கல். வயதானவர், பிரிவு, தூரம் ஆகிய மூன்றும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்தால் கை தானாக அந்தப் பக்கம் போய்விடுகிறது. "நினைவுகள்", "நீங்காது", "மறக்க மாட்டோம்" போன்ற சொற்களுக்குத் தனியாக ஒரு தோஷமும் கிடையாது. வயதானவர் படத்துக்குக் கீழே பன்மையில் கையெழுத்தோடு வரும்போது அவை சாவு வீட்டுச் சொற்களாகிவிடுகின்றன. எழுதியவருக்கு அது தெரியாது. வாங்குபவருக்கு முதல் வரியிலேயே தெரியும். ஏற்கெனவே "இனி இந்த மண்ணை மிதிப்பேனா" என்று ராத்திரியில் யோசித்துக்கொண்டிருப்பவர் அவர்.

"வாழ்த்துகிறோம்" என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் வழக்கத்தில் வாழ்த்து மேலிருந்து கீழே வரும். பெரியவர் வாழ்த்துவார், சின்னவர் கும்பிடுவார். மேடையில் "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்" என்று சொல்லிச் சமாளிப்பதும் இதனால்தான். அந்த வரியே இப்போது தேய்ந்துவிட்டது. பெரியம்மாவுக்கு மருமகன் முறை உள்ளவர்களும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து "நலம் பெற வாழ்த்துகிறோம்" என்று அச்சடித்துக் கொடுத்தால் ஒரு நெருடல் இருக்கத்தான் செய்யும். அவரிடம் ஆசீர்வாதம் கேட்டு வாங்குவதுதான் முறை. அதில் இன்னொரு லாபமும் உண்டு. கேட்டுவிட்டால் அவர் கொடுத்தாக வேண்டும். மடல் ஒருவழிப் பேச்சாக இல்லாமல் பதில் எதிர்பார்க்கும் பேச்சாகிவிடும்.

"செல்லும் இடத்தில்" என்பதையும் அடித்தோம். வீட்டை விட்டுக் கிளம்புபவர் "போறேன்" என்று சொன்னால் நம் வீடுகளில் இன்றும் யாராவது ஒருவர் அதட்டுவார். "போயிட்டு வாங்க" என்பதில்தான் பேச்சு முடிய வேண்டும். ஆனால் இங்கே ஒரு கேள்வி வருகிறது. உண்மையிலேயே வருவாரா? வரமாட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு "சீக்கிரம் வாங்க" என்று எழுதினால் அது பொய்யாகத் தெரியும். அதனால் எழுதுவதற்கு முன்னால் நான் ஒரு விஷயத்தைக் கேட்டுவிடுவேன்: என்ன விசா?

கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் மடலின் தொனியைப் பாதி தீர்மானிப்பது அதுதான். ஊரில் "நிரந்தரமா போறாங்க" என்று சொல்வார்கள். பெரியம்மாவுக்கு வந்திருப்பது கனடாவின் சூப்பர் விசா. அங்கே குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ உள்ள பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தங்கள் பெற்றோரை, தாத்தா பாட்டியை வரவழைக்கும் விசா அது. பத்து வருடம் வரை பல தடவை போய்வரலாம். ஒரு தடவை நுழைந்தால் 5 வருடம் வரை தொடர்ந்து தங்கலாம். ஆனால் அது சட்டப்படி விருந்தாளி விசாதான், குடியேற்றம் இல்லை. அரசு மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கிடைக்காது. அதற்குப் பதிலாகக் குறைந்தது 1 லட்சம் கனடிய டாலருக்குத் தனியார் மருத்துவக் காப்பீடு, குறைந்தது ஒரு வருடத்துக்கு, கையில் இருக்க வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம் போல முன்பே இருக்கும் நோய்களுக்கு அந்தக் காப்பீடு எவ்வளவு தரும் என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். பல் கட்டவோ கண் பார்க்கவோ ஊருக்கே வந்து போகலாம் என்று பல குடும்பங்கள் கணக்குப் போடுவது இதனால்தான். ஆகவே இந்தப் பெரியம்மாவுக்கு "போயிட்டு வாங்க" என்பது சும்மா சொல்லும் மங்கலச் சொல் இல்லை, நடக்கக்கூடியது.

அமெரிக்காவுக்குக் கிரீன் கார்டில் போகும் ஒரு தாத்தாவுக்கு இதை அப்படியே எழுதக் கூடாது. முன் அனுமதி வாங்காமல் ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்தக் கார்டை வைத்துக்கொண்டு திரும்ப நுழைய முடியாது. ஆறு மாதம் தாண்டினாலே விமான நிலையத்தில் கேள்வி கேட்பார்கள். "வருஷத்துல பாதி இங்கதான் இருக்கணும்" என்று பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால், அந்த ஆசையைக் காப்பாற்ற அவர் மகனோடு சண்டை போட வேண்டி வரும். மடலில் வைக்கும் வேண்டுகோள் விசா தாங்கும் அளவுக்குத்தான் இருக்க வேண்டும்.

சரி, தொனி பிடிபட்டது. உள்ளே என்ன எழுதுவது? இங்கேதான் பெரியம்மாவின் கதையைக் கேட்டேன்.

அவர் பிறந்தது இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கே குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாகவும் 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பதாகவும் முடிவானது. மீதியிருந்த ஒன்றரை லட்சம் பேரை இந்திரா காந்தி காலத்தில், 1974இல், சரிபாதியாகப் பிரித்தார்கள். மூன்று தலைமுறை அங்கேயே வாழ்ந்தவர்களை எண்ணிக்கையாகக் கூறுபோட்டதில் அண்ணன் ஒரு நாட்டிலும் தம்பி ஒரு நாட்டிலும் ஆனார்கள். மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிவந்த ரயிலுக்கு அங்கே 'அழுகைக் கோச்சி' என்றே பெயர். கப்பலில் ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம், அங்கிருந்து பல குடும்பங்கள் நீலகிரிக்கு. இங்கே அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே அரசு தேயிலைத் தோட்டங்கள் போட்டது. இன்று டான்டீ என்று சொல்கிறோமே, அதுதான். பெரியம்மா வந்தது பத்தொன்பது வயதில். முப்பத்தைந்து வருடம் கோத்தகிரி பக்கம் கொழுந்து பறித்திருக்கிறார்.

அதாவது நாடு விட்டு நாடு போவது அவருக்கு இது இரண்டாவது தடவை. முதல் தடவை போனபோது ஸ்டேஷனில் விட்டு வந்த அத்தையை அவர் பிறகு பார்க்கவே இல்லை. அப்படிப்பட்டவரிடம் "எங்களை விட்டு நெடுந்தூரம் சென்றாலும்" என்று நீட்டினால் அவர் காதில் எந்த ரயில் கூவும் என்று யோசித்துப் பாருங்கள். தம்பி இதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். தாளில் எழுத உட்கார்ந்ததும் அதெல்லாம் மறந்து "குலவிளக்கே" வந்துவிட்டது. அச்சு எழுத்துக்கு அப்படி ஒரு மயக்கம் இருக்கிறது.

அவரிடம் நான் மூன்று கேள்விதான் கேட்டேன். பெரியம்மா பெயரைச் சொன்னதும் முதலில் ஞாபகம் வரும் ஒரு ராத்திரியோ பகலோ எது? அவர் இங்கே விட்டுவிட்டுப் போகும் வேலைகளில் எது அவரைத் தூங்கவிடாமல் செய்கிறது? என்றைக்கு, எத்தனை மணிக்கு அவரோடு பேசுவீர்கள்?

முதல் கேள்விக்குக் கரடி வந்தது. கோத்தகிரியில் கரடி ஊருக்குள் வருவதும், கோயிலிலும் கடையிலும் எண்ணெயைத் தேடிக் குடிப்பதும் எங்களுக்குப் பழகிய விஷயம். இரண்டாவது கேள்விக்குத் தம்பி கொஞ்ச நேரம் யோசித்தார். "பெரியப்பாவுக்குப் படையல் போடுறது" என்றார். வருடா வருடம் திதி அன்று சமாதிக்குப் போய்ச் சுண்ணாம்பு அடித்து, அவருக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைப்பது பெரியம்மாதான். அவர் போய்விட்டால் யார் செய்வது என்று ஒருவரும் பேசவில்லை. பேசினால் அழுவார் என்று பயம். பேசாமல் விட்டதால் அவர் தனியாக அழுதுகொண்டிருந்தார்.

என் அனுபவத்தில் பெரியவர்களுக்கான மடலில் கனமான வரி இதுதான். அவர் பொறுப்பில் இருந்த ஒன்றை, பெயர் சொல்லி ஒருவர் ஏற்றுக்கொள்வது. பத்து வரிப் புகழ்ச்சி செய்யாததை இந்த ஒரு வரி செய்துவிடும். ஆனால் "எல்லாத்தையும் நாங்க பார்த்துக்கிறோம்" என்றால் ஒன்றையும் பார்த்துக்கொள்ள மாட்டோம் என்றுதான் பெரியவர்களுக்குக் கேட்கும்.

மூன்றாவது கேள்விக்குக் கணக்குப் போட வேண்டியிருந்தது. டொராண்டோ கோடையில் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. நவம்பர் முதல் ஞாயிறு அன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், வித்தியாசம் பத்தரை மணி ஆகிவிடும். மார்ச் இரண்டாம் ஞாயிறு பழையபடி ஆகும். இங்கே ராத்திரி ஏழு மணி என்றால் அங்கே கோடையில் காலை ஒன்பதரை, குளிர்காலத்தில் எட்டரை. வாரநாளில் அந்த நேரத்தில் மகளும் மருமகனும் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் போயிருப்பார்கள், போனை எடுத்துக் கொடுக்க ஆள் இருக்காது. அதனால் ஞாயிறு. இந்த மாற்றத்தைச் சொல்லி வைக்காததால், நவம்பரில் ஒரு பாட்டி ஒரு மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்து "மறந்துட்டானுங்க" என்று முடிவு கட்டிய கதை எனக்குத் தெரியும்.

எழுத வேண்டாம் என்று நான் தடுத்த வரி ஒன்றும் உண்டு: "நீங்க கொடுத்து வச்சவங்க." போகிறவர் விரும்பித்தான் போகிறாரா என்பது பெரும்பாலும் நமக்குத் தெரியாது. இங்கே ராத்திரியில் விழுந்தால் தூக்க ஆள் இல்லை என்பதற்காகப் போகிறவர்களே அதிகம். அவர்களைப் பாக்கியசாலி என்றால், வருத்தப்படும் உரிமையையும் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகும்.

கடைசியில் நாங்கள் அச்சடித்தது இது:

"அன்புள்ள பெரியம்மா,

நீங்க கிளம்புறதுக்கு முன்னால உங்க கிட்ட நாலு விஷயம் சொல்லணும்.

கோயில் எண்ணெயக் குடிச்சிட்டு நம்ம வாசல் வரைக்கும் கரடி வந்த ராத்திரி, நாங்க ஆறு பேரும் கட்டிலுக்கு அடியில இருந்தோம். நீங்க தகர டப்பாவ தட்டிக்கிட்டே வாசல்ல நின்னீங்க. இப்பவும் ராத்திரி சத்தம் கேட்டா எங்க பிள்ளைங்க கிட்ட அந்தக் கதையத்தான் சொல்றோம்.

பெரியப்பா திதிய இனிமே சின்னவன் செய்வான். சமாதிக்கு வெள்ளை அடிக்கிறது, கருவாட்டுக் குழம்பு வைக்கிறது, எல்லாம் நீங்க செஞ்ச மாதிரியே. குழம்புப் பக்குவத்த அவன் பொண்டாட்டி கிட்ட ஒரு தடவை சொல்லிட்டுப் போங்க. அன்னைக்கு வீடியோவுல காட்டுறோம்.

வீட்டு சாவி ஒண்ணு உங்க கிட்டயே இருக்கட்டும். சௌசௌக் கொடிய வெட்ட மாட்டோம்.

ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இங்க ராத்திரி ஏழு மணிக்குப் பேசுவோம். உங்களுக்கு அது காலைல ஒன்பதரை. நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் எட்டரை. இத அங்க செவுத்துல ஒட்டி வச்சுக்குங்க.

அக்கா பிள்ளைங்களுக்கு ஹட்டன் கதையும் சொல்லுங்க, கோத்தகிரி கதையும் சொல்லுங்க. எங்களுக்கு ஆசீர்வாதம் பண்ணிட்டு, நல்லபடியா போயிட்டு வாங்க."

கீழே ஒவ்வொருவரும் பேனாவால் கையெழுத்துப் போட்டார்கள். சட்டமும் இல்லை, படமும் இல்லை.

பேச்சு வழக்கில் எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. கண்புரை அறுவை ஆன பிறகும் பெரியம்மா எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். இதை அங்கே யாராவது வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் காதில்தான் ஏறும், கண்ணில் ஏறாது. வாசித்தால் தம்பியே பேசுகிற மாதிரி இருக்க வேண்டும். எழுத்து 18 புள்ளி அளவில், ஒரே பக்கம், பளபளக்காத தாள். பளபளப்பான தாளில் விளக்கு வெளிச்சம் பட்டால் வயதானவர்களால் படிக்க முடியாது. லேமினேஷன் கேட்பார்கள், அதிலும் அதே தொல்லைதான்.

கனடாவில் உள்ள மகளுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும் என்றால் எழுத்துரு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. எங்களைப் போன்ற பழைய கடைகளில் இன்னும் Bamini எழுத்துருவில் அடிப்பவர்கள் உண்டு. திரையில் "அம்மா" என்று தெரிவது, உள்ளே இருப்பது `mk;kh` என்ற ஆங்கில எழுத்துகள்தான். அந்த எழுத்துரு இல்லாத போனில் அதுதான் தெரியும். ஒரு தடவை நானே அப்படி அனுப்பி, சிட்னியிலிருந்து ஒரு பெண் "இது என்ன, கடவுச்சொல்லா?" என்று கேட்டார். யூனிகோடில் அடிக்க வேண்டும், இல்லையென்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்ப வேண்டும்.

ஒருவருக்கு மறதி நோய் தொடங்கிவிட்டது என்றால் இந்த மாதிரி மடல் உதவாது. கரடிக் கதை ஞாபகம் வராவிட்டால் தவிப்புதான் மிஞ்சும். அவர்களுக்கு ஒவ்வொருவர் படமும், அதற்குக் கீழே பெயரும் முறையும் போதும்: "இவன் உங்க தங்கச்சி மகன்." நான்கு பக்கத்தில் கெட்டி அட்டையில் போட்டுக் கொடுத்தால் விமானத்திலும் புரட்டுவார்கள்.

மடலை விமான நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்பதுதான் தம்பியின் திட்டம். வேண்டாம் என்றேன். கோவைக்கு இறங்கும் வழியிலேயே வளைவுகளில் பாதிப் பேருக்குத் தலை சுற்றும். அங்கே போனால் பாஸ்போர்ட், காப்பீட்டுத் தாள், மகள் அனுப்பிய அழைப்புக் கடிதம், மாத்திரைப் பை, சக்கர நாற்காலிக்காரர் என்று கை நிறைந்திருக்கும். அந்த நேரத்தில் நீட்டும் காகிதம் பெட்டிக்குள் போய்விடும். இரண்டு நாள் முன்பு, வீட்டில், சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் வாசிப்பது நல்லது. பெரியம்மா வளர்ந்த லயத்தில் கடிதம் அப்படித்தான் வாசிக்கப்பட்டது. படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, லயமே சுற்றி உட்கார்ந்து கேட்கும். கேட்பவருக்குக் குறுக்கே பேசவும் இடம் கிடைக்கும்.

குறுக்கே பேசத்தான் செய்தாராம். மறுநாள் காலை தம்பி அந்தத் தாளோடு கடைக்கு வந்தார். பெரியம்மா அழவில்லை, கரடிப் பத்தியில் நிறுத்தச் சொல்லிவிட்டார். "கோயில் எண்ணெயா? யார்றா சொன்னது? அது என்னோட தேங்காய் எண்ணெய். முழு ரெண்டு லிட்டர், அன்னைக்குத்தான் வாங்கி வச்சேன்." கருவாட்டுக் குழம்புக்குப் புளி எவ்வளவு என்பதையும் தாளின் ஓரத்தில் எழுதச் சொல்லியிருக்கிறார்.

இரண்டையும் சேர்த்துத் திருத்தி மறுபடி அடித்துக் கொடுத்தேன். கையெழுத்துகளைத்தான் எல்லோரும் இன்னொரு தடவை போட வேண்டியிருந்தது.